அம்மாவைக் குறைக்க இயலாது

அவருக்குப் பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று உண்டு. அடையாள அட்டையில் புகைப்படத்துக்குப் பக்கத்தில் அது இருக்கவும் இருக்கிறது. ஆனால் அந்தப் பெயரைச் சொல்லிக் கேட்டால் வாசல் காவலாளி உதட்டைப் பிதுக்குவார். "நாற்பத்திரண்டு சார் இருக்காரா?" என்று கேட்டால்தான் முகம் மலரும். இரண்டாவது மாடி, தண்ணீர் கேன் பக்கத்து மேசை என்று வழியும் சொல்லி அனுப்புவார்.

அந்தப் பெயர் வந்த கதை பெரியதல்ல. வெளிநாட்டுத் தொடர்களுக்குத் தமிழில் சப்டைட்டில் எழுதும் கம்பெனி அது. திரையின் அடியில் ஒரு நேரத்தில் இரண்டு வரிதான் வரலாம். ஒரு வரிக்கு நாற்பத்திரண்டு எழுத்துக்கு மேல் கூடாது என்பது கம்பெனியின் கட்டளை. மற்றவர்கள் அந்தக் கட்டளையை அலுவலகத்தோடு விட்டுவிட்டுப் போவார்கள். நம் ஆள் மட்டும் அதை வீட்டுக்கும் கொண்டுபோனார். பதினோரு வருஷத்தில் பேச்சே அந்த அளவுக்குச் சுருங்கிவிட்டது. கல்யாண வீட்டில் பார்த்தால் "வாங்க. சந்தோஷம்." துக்க வீட்டில் பார்த்தால் "ச்சு. பாவம்." வேறு ஊரில் வேலை பார்க்கும் மகன் வாரம் ஒருமுறை போன் செய்வான். "எல்லாம் ஓகேவா? சரி, அம்மாகிட்ட குடுக்குறேன்" என்று இவர் முடித்துக்கொள்வார். அது ஒரே வரியில் அடங்கிவிடும் என்பதில் அவருக்குக் கொஞ்சம் பெருமைகூட உண்டு.

கொரிய மொழித் தொடர்கள்தான் அவருடைய பிரிவு. அதனால் அவருக்குக் கொரிய மொழி தெரியும் என்று சொந்தக்காரர்கள் நம்பினார்கள். கல்யாணங்களில் பிள்ளைகளைக் கூட்டிவந்து, "மாமாகிட்ட கொரியன்ல ரெண்டு வார்த்தை பேசச் சொல்லு" என்பார்கள். அவர் சிரித்துக்கொண்டே பந்திக்கு நழுவிவிடுவார். உண்மையில் அவருக்கு அதில் ஒரு எழுத்துகூடத் தெரியாது. அந்த அலுவலகத்தில் யாருக்குமே தெரியாது.

வேலை நடக்கும் விதம் இதுதான். கொரியாவில் ஒருவர் உட்கார்ந்து, வசனத்தைக் கேட்டு, ஆங்கிலத்தில் சுருக்கி எழுதி, ஒவ்வொரு வரியும் எந்த நொடியில் தோன்றி எந்த நொடியில் மறைய வேண்டும் என்றும் குறித்து அனுப்புவார். அதற்கு டெம்ப்ளேட் என்று பெயர். அந்த ஒரே டெம்ப்ளேட் முப்பது மொழிக்காரர்களுக்குப் போகும். அவரவர் ஆங்கில வரிக்குக் கீழே அவரவர் மொழியை நிரப்பித் திருப்பி அனுப்ப வேண்டும். கொரிய மொழியிலிருந்து தமிழுக்கு நேர்வழி எதுவும் கிடையாது. எல்லாரும் ஆங்கிலத்தின் வீட்டு முன்வாசலில் நுழைந்து பின்வாசல் வழியாகத்தான் வர வேண்டும். நுழையும்போது தோளில் இருந்த மூட்டை வெளியே வரும்போதும் இருக்கிறதா என்று பார்க்க அங்கே ஆள் இல்லை.

நாற்பத்திரண்டு சார் இதில் இன்னும் ஒருபடி மேலே போனவர். சத்தத்தை அணைத்துவிட்டுத்தான் வேலை செய்வார். "புரியாத பாஷையைக் கேட்டு என்ன ஆகப்போகுது? காதுக்கும் வேலை, கரண்டுக்கும் செலவு" என்பது அவருடைய கட்சி. ஹெட்போன் உறை பிரிக்காமல் மேசை டிராயரில் தூங்கியது. ஊமைப்படம் மாதிரி ஓடும் திரையில் ஆங்கில வரியைப் பார்ப்பார், தமிழ் வரியைத் தட்டுவார், அடுத்ததற்குப் போவார். கம்பெனியிலேயே வேகமான கை அவருடையதுதான். வேகத்தைத் தவிர வேறு என்ன வேண்டும் என்று யாரும் அவரிடம் கேட்டதும் இல்லை.

கேட்டவர் ஒருவர் உண்டு. மூன்றாவது மாடியில் உட்கார்ந்திருக்கும் தரச் சோதனை அதிகாரி. தப்பு என்று தோன்றும் வரியைச் சிவப்பாக்கி அனுப்புவதால் அவருக்குச் சிவப்பு மேடம் என்று பெயர். மூன்று மாதத்துக்குள் மூன்று சிவப்பு வாங்கினால் தொடர்கள் பறிபோகும். மிக்ஸி, துடைப்பம், குளியலறைக் கண்ணாடி இவற்றின் விற்பனைக் குறிப்புகளை மொழிபெயர்க்கும் கீழ்த்தளத்துக்கு அனுப்பிவிடுவார்கள். போனவர் யாரும் திரும்பி மேலே வந்ததில்லை. லிஃப்டில் பார்த்தால் "ஈரத் துணியால் மட்டும் துடைக்கவும்" என்ற முகத்தோடு நிற்பார்கள்.

நம் ஆளுக்கு இந்த மூன்று மாதத்தில் இரண்டு சிவப்பு விழுந்திருந்தது. ஒன்று அவசரத்தில் விட்டுப்போன ஒரு வரி. அதை அவரே ஒப்புக்கொண்டார். மற்றதை நினைத்தால்தான் அவருக்கு வயிறு எரியும். தொடரில் ஒரு மகன் வீட்டைவிட்டு வேலைக்குக் கிளம்புகிறான். டெம்ப்ளேட்டில் "பை, மாம்" என்று இருந்தது. இவர் யோசிக்காமல், கை போன போக்கில், "போயிட்டு வரேம்மா" என்று எழுதிவிட்டார். மேடம் சிவப்படித்துக் குறிப்பும் எழுதினார்: "வருவதாக மூலத்தில் இல்லை. கூடுதல் தகவல்." இவர் தலையில் அடித்துக்கொண்டு "பை, அம்மா" என்று திருத்தினார்.

இந்த மகன் வரும் தொடர்தான் இந்தக் கதைக்குக் காரணம். மொத்தம் பதினாறு பாகம். ஒரு அம்மா, ஒரே மகன். அம்மா சலவைக் கடை வைத்திருக்கிறாள். மகன் லிஃப்ட் பழுதுபார்க்கிறவன். வருவான், போவான், சண்டை போடுவான், ஒருமுறை நான்கு வருஷம் பேசாமலே இருப்பான். முதல் பாகம் மட்டும் மாதிரிக்கு மூன்றாவது மாடி போய், அந்தச் சிவப்போடு திரும்பியிருந்தது. பதினாறு பாகத்தையும் மொத்தமாக வெள்ளிக்கிழமை கொடுக்க வேண்டும். செவ்வாய்க்கிழமையே நம் ஆள் கடைசி பாகத்தின் கடைசிக் காட்சிக்கு வந்துவிட்டார்.

அம்மாவுக்கு இப்போது ஞாபகம் போய்விட்டது. மருத்துவமனைக் கட்டிலில் உட்கார்ந்திருக்கிறாள். மகன் வந்து நிற்கிறான். யாரோ என்று பார்க்கிறாள். பிறகு ஒரே ஒரு வார்த்தை கேட்கிறாள். டெம்ப்ளேட்டில் "ஹேவ் யூ ஈட்டன்?" என்று இருந்தது. அவ்வளவுதான். அந்த ஆறடி ஆள் அப்படியே தரையில் சரிந்து, முகத்தைப் பொத்திக்கொண்டு, இரண்டு நிமிஷம் அழுகிறான். தொடர் முடிந்தது.

நாற்பத்திரண்டு சார் "சாப்பிட்டியா?" என்று தட்டினார். நாற்காலியில் சாய்ந்தார். இதற்கு ஏன் இந்தப் பயல் இப்படி அழுகிறான் என்று அவருக்கு விளங்கவே இல்லை. எழுதுகிற தனக்கே விளங்காவிட்டால் படிக்கிறவனுக்கு என்ன விளங்கும்? பதினோரு வருஷத்தில் முதல்முறையாக ஒரு வரி அவரை வீடு வரைக்கும் துரத்திக்கொண்டு வந்தது.

மறுநாள் காலை உணவின்போது மனைவியிடம் சொன்னார். அவர் வாய் திறந்து ஒரு கதை சொல்வதே அபூர்வம் என்பதால் அந்த அம்மாள் தட்டில் இருந்த கையை எடுத்துவிட்டுக் கேட்டார்.

"அந்த அம்மா இதுக்கு முன்னாடியும் அதைக் கேட்டிருப்பாங்கல்ல?"

"எதை?"

"சாப்பிட்டியான்னுதான். தினம் கேட்டிருப்பாங்க. அவன் வாசல்ல செருப்பைக் கழட்டும்போதே கேட்டிருப்பாங்க. பெத்த பிள்ளையையே மறந்துட்டு, அந்தக் கேள்வியை மட்டும் மறக்கல பாருங்க. அழமாட்டானா பின்ன?"

"இல்லையே. பதினஞ்சு பாகத்துலயும் ஒரு தடவைகூட கேக்கல."

"அப்போ என்னதான் கேட்டாங்க?"

அவர் யோசித்தார். "நீ நலமா, எப்படி இருக்கிறாய், என்ன விஷயம்... இப்படி."

"பெத்த அம்மாவா? இல்ல போலீஸ் ஸ்டேஷனா?" என்றார் மனைவி. "போய் நல்லாப் பாருங்க. நீங்கதான் எங்கயோ கோட்டை விட்டிருக்கீங்க."

அன்று அலுவலகத்தில் ஒரு அதிசயம் நடந்தது. டிராயர் திறந்தது, ஹெட்போன் உறை கிழிந்தது. தண்ணீர் பிடிக்க வந்தவர்கள் எல்லாரும் நின்று வேடிக்கை பார்த்துவிட்டுப் போனார்கள். நம் ஆள் கடைசிக் காட்சியை ஓடவிட்டார். அந்த அம்மாவின் குரலை அப்போதுதான் முதன்முதலாகக் கேட்டார். லேசாகக் கரகரத்த குரல். "பம்மொகொஸ்ஸோ?" என்பதுபோல அவர் காதில் விழுந்தது. மூன்று முறை திரும்பக் கேட்டு, அப்படியே தமிழ் எழுத்தில் ஒரு தாளில் எழுதி வைத்துக்கொண்டார். பிறகு முதல் பாகத்துக்குப் போனார்.

மகன் உள்ளே வருகிறான். அம்மா இஸ்திரிப் பெட்டியிலிருந்து தலை தூக்காமல், "பம்மொகொஸ்ஸோ?" அடியில் டெம்ப்ளேட்: "யூ ஓகே?" அதற்கும் அடியில், அவர் கைப்பட எழுதிய தமிழ்: "நீ நலமா?"

அடுத்ததைத் திறந்தார். இரண்டாம் பாகம். அதே சத்தம். டெம்ப்ளேட்டில் "ஹவ் ஆர் யூ?" தமிழில் "எப்படி இருக்கிறாய்?" நான்காம் பாகத்தில் அதே சத்தத்துக்கு "வாட்ஸ் அப்?" தமிழில் "என்ன விஷயம்?" ஆறாம் பாகத்தில் வெறும் "ஹே." அதற்கு அவர் "ஏய்!" என்று எழுதியிருந்தார். நான்கு வருஷம் கழித்து வீட்டுக்கு வந்த மகனைப் பார்த்து அந்த அம்மா, கண் கலங்க, "ஏய்!" என்கிறாள்.

ஒன்பதாம் பாகம் இன்னும் மோசம். டெம்ப்ளேட்டில் மகன் "ஐ'ம் குட்" என்கிறான். இவர் "நான் நன்றாக இருக்கிறேன்" என்று எழுதியிருந்தார். அம்மா உடனே அவன் முகத்தைப் பார்த்துவிட்டு ஒரு கிண்ணத்தில் சோற்றை வைத்து அவன் முன்னால் நகர்த்துகிறாள். நன்றாக இருப்பதாகச் சொன்னவனுக்கு எதற்குச் சோறு என்று அன்றைக்கே அவர் கேட்டிருக்க வேண்டும். சாப்பிட்டேன் என்று பொய் சொன்னவனை அம்மா கண்டுபிடித்துவிட்ட காட்சி அது. அன்றைக்கு அவர் கவலை வேகத்தைப் பற்றி மட்டும்தான்.

கடைசிக் காட்சியோடு சேர்த்து மொத்தம் பத்தொன்பது இடம். இந்த விஷயத்தில் யாரைக் குற்றம் சொல்வது? "சாப்பிட்டியா" என்பது அங்கேயும் வெறும் விசாரிப்புதான். அதை ஆங்கிலத்தில் ஒருவர் "நல்லா இருக்கியா" என்று ஆக்கினால் அது நியாயம். அதைத் தமிழில் ஒருவர் "நீ நலமா" என்று ஆக்கினால் அதுவும் நியாயம். இரண்டு பக்கமும் நியாயம், நடுவில் சோறு காணாமல் போய்விட்டது. இதில் சிரிப்பதா அழுவதா என்று தெரியாத கொடுமை என்னவென்றால், புறப்பட்ட மொழியிலும் அந்தக் கேள்வி இருக்கிறது, வந்து சேர்ந்த மொழியிலும் தினம் மூன்று வேளை இருக்கிறது. இடையில் மாட்டிக்கொண்ட மொழிக்காரர்கள்தான் ஒருவரையொருவர் அப்படி விசாரித்துக்கொள்வதில்லை.

ஆனால் சத்தத்தை வைத்து ஊகிப்பது வேறு, உறுதிசெய்வது வேறு. அவர் எழுந்து, அதே மாடியில் கொரியாவோடு கடிதப் போக்குவரத்து வைத்திருக்கும் கோ-ஆர்டினேட்டர் பெண்ணிடம் போனார். ஒரே சமயத்தில் மூன்று சாட் ஜன்னல்களில் தட்டிக்கொண்டிருக்கும் பெண்.

"ஒரு சந்தேகம் கேக்கணும்மா. பத்தொன்பது இடத்துல அந்த அம்மா ஒரே கேள்வியைத்தான் கேக்குறாங்க போல. டெம்ப்ளேட்ல இடத்துக்கு இடம் மாறியிருக்கு. நிஜமா என்ன கேக்குறாங்கன்னு கேட்டுச் சொல்லு."

அவர் ஆயுளில் பேசிய நீளமான பேச்சுகளில் அது ஒன்று. அந்தப் பெண் தலையாட்டிக்கொண்டே ஆங்கிலத்தில் மரியாதையாகவும் சுருக்கமாகவும் அடித்து அனுப்பினாள். என்ன அனுப்பினாள் என்பது பிற்பாடுதான் தெரிந்தது. "அம்மாவின் வசனங்கள் திரும்பத் திரும்ப வருவதாகத் தமிழ்க் குழு கருதுகிறது. ஆலோசனை கூறவும்."

அங்கே அதைக் கொரிய மொழிக்கு மாற்றிப் படித்தவர் யாரோ, தமிழர்களுக்குத் தொடர் அலுப்பாக இருக்கிறது போலும் என்று எடுத்துக்கொண்டார். பதறிப்போய்ப் பணிவாக ஒரு பதில் எழுதினார். அது மெஷின் வழியாக ஆங்கிலமாகி, அந்தப் பெண் வழியாகத் தமிழாகி, மாலை நான்கு மணிக்கு அவர் மேசைக்கு வந்தது.

"பதில் வந்துருச்சு சார். ஆனா எனக்கே ஒரு மாதிரி இருக்கு. 'நீங்கள் மிகவும் துன்பப்பட்டீர்கள்'னு ஆரம்பிக்குது."

"யாரு?"

"நீங்கதான் சார். அப்புறம், 'அம்மாவைக் குறைக்க இயலாது. எனினும் பரிசீலிக்கிறோம்.'"

துன்பப்பட்டீர்கள் என்பது அங்கே "உங்கள் உழைப்புக்கு நன்றி" என்று வழக்கமாகச் சொல்லும் உபசார வார்த்தை என்று தெரிந்துகொள்ள அவர்களுக்கு இன்னும் இரண்டு நாள் ஆக வேண்டியிருந்தது. அதற்குள் விஷயம் மேலாளர் காதுக்குப் போய், அவர் நாற்காலியோடு உருண்டு வந்து, "யாரு சார் நீங்க துன்பப்படுறதா கம்ப்ளெயின்ட் பண்ணது? ஏசி சரியில்லையா?" என்று விசாரித்துவிட்டுப் போனார். "பரிசீலிக்கிறோம்" என்பது மட்டும் எந்தச் சேதாரமும் இல்லாமல் வந்து சேர்ந்திருந்தது. மூன்று மொழியிலும் அதற்கு ஒரே அர்த்தம்தான், நடக்காது.

நம் ஆள் அன்று மதியச் சாப்பாட்டு டப்பாவைத் திறக்கவே இல்லை. மறுநாள் வியாழன். காலையில் வந்ததும் அந்தப் பெண்ணின் பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"இந்தத் தடவை வார்த்தையே வேண்டாம்மா. ஒரு அட்டவணை போடு. பத்தொன்பது இடத்தோட நேரக் குறியீடு. மணி, நிமிஷம், நொடி. பக்கத்துல காலியா ஒரு கட்டம். தலைப்புல 'இங்கே காதில் விழுவதைக் கொரிய எழுத்தில் அப்படியே எழுதவும்'னு மட்டும் போடு. டெம்ப்ளேட் எழுதினவங்களுக்கே நேரா அனுப்பு."

"வணக்கம், நன்றிகூட வேண்டாமா சார்?"

"வேண்டாம். மறுபடி துன்பப்படுவாங்க."

எண்களை யாராலும் அழகுபடுத்த முடியாது என்பது அவர் கணக்கு. அது நல்ல கணக்குதான். பதில் வெள்ளிக்குள் வராவிட்டால் என்ன செய்வது என்பதுதான் கேள்வி. வியாழன் மாலைக்குள் கோப்பு மூன்றாவது மாடிக்கு ஏற வேண்டும். மாற்றாமல் கொடுத்தால் வேலைக்கு ஆபத்தில்லை. மாற்றினால் பதினெட்டு சிவப்பு. மூன்றே போதும், இவர் பதினெட்டோடு போக வேண்டும். துடைப்பத்தின் கைப்பிடி நீளத்தையும் மிக்ஸி ஜாரின் கொள்ளளவையும் எழுதிக்கொண்டு மிச்ச நாளை ஓட்ட வேண்டியதுதான்.

மாலை நான்கு மணி வரை கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பிறகு ஹெட்போனை எடுத்து மாட்டிக்கொண்டு, ஒவ்வொரு இடமாகப் போய், அம்மாவின் குரலைக் கேட்டுக் கேட்டு மாற்றினார். சாப்பிட்டியா? சாப்பிட்டியா? சாப்பிட்டியா? ஆறாம் பாகத்தில் நான்கு வருஷம் கழித்து வந்தவனிடம் அந்த "ஏய்!"யை எடுத்துவிட்டு "சாப்பிட்டியா?" என்று போட்டுவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். பக்கத்து மேசைக்காரர் பார்த்துவிடக் கூடாதே என்று எழுந்து போய்த் தண்ணீர் குடித்தார். மகனின் பதில்களையும் மாற்றினார். திரும்பி வந்து, ஒரு வேகத்தில், "பை, அம்மா" என்று இருந்த இடத்தில் "போயிட்டு வரேம்மா" என்றும் போட்டார். பதினெட்டோடு அதுவும் போகட்டும்.

வெள்ளி காலை பத்து மணிக்கு மூன்றாவது மாடியிலிருந்து அழைப்பு வந்தது.

சிவப்பு மேடத்தின் திரை திருவிழாக் கடைத்தெரு மாதிரி இருந்தது. எங்கே பார்த்தாலும் சிவப்பு.

"என்ன சார் இது? பத்தொன்பது தடவை சாப்பாட்டைப் பத்திக் கேக்குறாங்க. டெம்ப்ளேட்ல ஒரு தடவைதான் இருக்கு. உங்களுக்குப் பசியா?"

"ஒரு ரெண்டு நிமிஷம் மேடம். கண்ணை மூடிக்கிட்டுக் கேளுங்க. அது போதும்."

ஹெட்போனை நீட்டினார். பத்தொன்பது இடத்தையும் வெட்டி ஒட்டி வைத்திருந்தார். அந்த அம்மாள் சந்தேகத்தோடு மாட்டிக்கொண்டு கண்ணை மூடினார். முதல் மூன்றுக்கு முகத்தில் எதுவும் தெரியவில்லை. ஏழெட்டு போன பிறகு உதடு அசைந்தது. கடைசியில் அவரும் கூடவே "பம்மொகொஸ்ஸோ" என்று முணுமுணுத்துவிட்டார். ஹெட்போனைக் கழற்றி மேசையில் வைத்தார்.

"எனக்குக் காது கேக்குது சார்," என்றார். "ஆனா எனக்கு மேல உக்காந்திருக்குற மெஷினுக்குக் காது இல்ல. நீங்க எழுதுற தமிழை அது மறுபடியும் இங்கிலீஷ்ல மாத்தி, டெம்ப்ளேட்டோட ஒப்பிட்டுப் பாக்கும். ஒத்துப்போகலன்னா எனக்குச் சிவப்பு. நானும் ரெண்டு வாங்கிட்டேன். எனக்கும் கீழ்த்தளம் இருக்கு."

சிவப்பு மேடத்துக்கே சிவப்பு விழும் என்று அவருக்கு இதுவரை தோன்றியதே இல்லை.

"அப்போ டெம்ப்ளேட் மாறினா?"

"மாறினா பேச்சே இல்ல. மத்தியானம் மூணு மணி வரைக்கும் ஃபைலை அனுப்பாம வச்சிருக்கேன். அதுக்கு மேல என்னால முடியாது."

ஒரு மணி ஆனது, இரண்டு ஆனது. நம் ஆள் கோ-ஆர்டினேட்டர் பெண்ணின் மேசைக்கும் தண்ணீர் கேனுக்கும் நடுவே நடந்து தரையைத் தேய்த்தார். மேலாளர் ஏசியைக் குறைத்து வைத்தார். இரண்டே காலுக்கு அந்தப் பெண் நாற்காலியிலிருந்து எகிறி எழுந்தாள்.

அட்டவணை திரும்பி வந்திருந்தது. பத்தொன்பது கட்டம். பத்தொன்பதிலும் அதே எழுத்துகள், படிக்கத் தெரியாதவருக்கும் ஒன்று என்று தெரியும்படி, அச்சுப் பிசகாமல். கீழே டெம்ப்ளேட் எழுதிய அம்மாள் ஆங்கிலத்தில் ஒரு கடிதமும் வைத்திருந்தார். கோ-ஆர்டினேட்டர் பெண் படித்துத் தமிழில் சொன்னாள். இந்த முறை எதையும் சுருக்காதே என்று நம் ஆள் சொல்லியிருந்தார்.

"'நான் முதலில் எல்லா இடத்திலும் சாப்பிட்டியா என்றுதான் எழுதினேன். எங்கள் ஆங்கிலச் சோதனையாளர், இவர்கள் ஏன் எப்போதும் சாப்பாட்டைப் பற்றியே பேசுகிறார்கள், இயல்பாக இல்லை என்று பத்தொன்பதையும் சிவப்பாக்கினார். ஒவ்வொன்றாக மாற்றினேன். கடைசி ஒன்றை மட்டும் அழுது அடம்பிடித்துக் காப்பாற்றினேன். முப்பது மொழிக்குப் போனது. இருபத்தொன்பது பேர் எதுவும் கேட்கவில்லை. நீங்கள் கேட்டீர்கள். இப்போது உங்கள் அட்டவணையைக் காட்டி மற்ற பதினெட்டையும் மகனின் பதில்களோடு திரும்ப வாங்கிவிட்டேன். புதிய டெம்ப்ளேட் இணைத்திருக்கிறேன். உங்களுக்குத் துன்பம்...' இல்ல சார், இது நன்றிதான், அவங்களே பக்கத்துல விளக்கம் போட்டிருக்காங்க. அப்புறம் இன்னொண்ணு. 'நேரக் குறியீடு சரிபார்க்கும்போது உங்கள் தமிழ்க் கோப்பின் பழைய சிவப்புக் குறிப்பு ஒன்றை மெஷின் ஆங்கிலத்தில் பார்த்தேன். வீட்டைவிட்டுக் கிளம்பும் மகன் எங்கள் மொழியிலும் போய்விட்டு வருகிறேன் என்றுதான் சொல்கிறான்; டெம்ப்ளேட்டில் அதையும் திருத்திவிட்டேன். வருவதாகச் சொல்லாமல் யாராவது அம்மாவிடமிருந்து கிளம்புவார்களா?'"

நம் ஆள் அந்தக் கடிதத்தை அச்செடுத்துக்கொண்டு மூன்றாவது மாடிக்குப் படியேறியே போனார். லிஃப்டுக்குக் காத்திருக்கப் பொறுமை இல்லை. சிவப்பு மேடம் நின்றுகொண்டே படித்தார். உட்கார்ந்து, ஒவ்வொரு சிவப்பாக அணைத்தார். "போயிட்டு வரேம்மா"வுக்கு வந்ததும் கை நின்றது.

"இது நான் போட்டது."

"பரவால்ல மேடம்."

"வருவதாக மூலத்தில் இல்லைன்னு வேற எழுதியிருக்கேன்." அதையும் அணைத்தார். "டப்பாவைத் திறந்தீங்களா இன்னைக்கு? ரெண்டு நாளா நீங்க சாப்பிடலன்னு கீழ இருந்து அந்தப் பொண்ணு சொல்லுச்சு."

அந்தக் கேள்வியை மெஷினிடம் கொடுத்திருந்தால் என்ன சொல்லியிருக்குமோ தெரியாது. நம் ஆளுக்குச் சரியாகப் புரிந்தது. கீழே போய் இரண்டு ஐம்பதுக்கு டப்பாவைத் திறந்து, ஆறிப்போனதைக் கடைசிப் பருக்கை வரை சாப்பிட்டார்.

தொடர் வெளியானதும் மனைவியோடு உட்கார்ந்து பார்த்தார். சத்தம் வைத்துத்தான். தினம் மாலையில் இரண்டு பாகம். ஐந்தாம் பாகத்திலேயே மனைவி வரிகளைப் படிப்பதை விட்டுவிட்டு அந்த அம்மாவோடு சேர்ந்து "பம்மொகொஸ்ஸோ" என்று கேட்க ஆரம்பித்துவிட்டார். ஆறாம் பாகத்தில் மூக்கை உறிஞ்சினார். கடைசிப் பாகத்தின் கடைசிக் காட்சியில், அடியில் அந்த ஒரு வார்த்தை வந்து நின்றபோது, நன்றாகவே அழுதார். மொழிபெயர்ப்பாளர் பெயர் ஒன்றரை நொடி வந்து மறைந்தது. அழுத கண்ணுக்கு அது தெரியவில்லை. அவரும் சுட்டிக்காட்டவில்லை.

அந்த நேரம் பார்த்து மகன் போன் செய்தான். மனைவி முகத்தைத் துடைத்துக்கொண்டு கை நீட்டினார். நம் ஆள் கொடுக்கவில்லை. தானே காதில் வைத்துக்கொண்டார்.

"அப்பா? எல்லாம் ஓகே. அம்மாகிட்ட குடுங்க," என்றான் மகன். கேட்கப்போவது என்ன என்று தெரிந்து பதிலை முன்கூட்டியே சொல்லிப் பழகியவன்.

"சாப்பிட்டியாடா?"

அந்தப் பக்கம் சத்தமே இல்லை. லைன் போய்விட்டதோ என்று அவர் போனை எடுத்துப் பார்த்தார். போகவில்லை, நொடிகள் ஓடிக்கொண்டிருந்தன.

"அப்பா," என்றான் மகன் கடைசியில். குரல் மாறியிருந்தது. "உண்மையைச் சொல்லுங்க. உங்களுக்கு உடம்பு ஏதும் சரியில்லையா? நான் இப்பவே கிளம்பி வரட்டுமா?"